அந்தக் குமிழி அங்கேயே இருக்கட்டும்

இடுப்பு மூட்டையோ முழங்கால் மூட்டையோ மாற்றி டிஸ்சார்ஜ் ஆகிறவர்களின் மருந்துப் பையில், மாத்திரை அட்டைகளோடு நீளமான ஓர் அட்டைப்பெட்டியும் வீட்டுக்கு வரும். கம்பெனியிலேயே மருந்து நிரப்பி, ஊசி பொருத்தி, மூடி மாட்டிய சிரிஞ்சுகள் அதில் இருக்கும். பெரும்பாலும் எனாக்ஸாபரின் என்ற மருந்து. நம் ஊரில் 'கிளெக்சேன்' என்ற வணிகப் பெயரில் பலருக்கும் பழக்கம். காலில் ரத்தம் உறைந்து கட்டியாகி, அது நகர்ந்து நுரையீரலை அடைத்துவிடாமல் தடுப்பதற்காக வயிற்றுத் தோலுக்கு அடியில் போடுவது. இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு நாலைந்து வாரம் வரைகூட எழுதித் தருவார்கள் என்பதால், நர்ஸ் போட்டதுபோக மீதியை வீட்டில் இருப்பவர்தான் போட வேண்டும்.

சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் கண்ணில் படுவது உள்ளே மிதக்கும் ஒரு காற்றுக்குமிழி. அங்கேதான் வீட்டில் விவாதம் தொடங்கும்.

"சிஸ்டர், உள்ள காத்து இருக்கே, தட்டி எடுத்துடட்டுமா?" என்று மகன் போன் போட்டுக் கேட்பார். "வேணாம்ப்பா, அப்படியே போடுங்க" என்பார் நர்ஸ். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற கம்பவுண்டரோ, முப்பது வருஷம் ஊசி போட்ட கையோடு, "காத்தோட எவனாவது போடுவானா? நிமித்திப் பிடிச்சு ஒரு தட்டு தட்டி, கொஞ்சம் பீச்சிட்டுப் போடு" என்பார். இருவரும் தெரிந்தே பேசுகிறார்கள். கம்பவுண்டர் சொல்வது வேறு வகை ஊசிக்குச் சரி. இந்தச் சிரிஞ்சுக்குத் தவறு. ஏன் என்று புரிந்துகொண்டால் டோஸ் கோடுகளைப் படிப்பதும் தானாகவே பிடிபட்டுவிடும், ஏனென்றால் இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கேள்வி. மருந்தை அளந்தது யார்?

சின்னக் குப்பியிலிருந்து மருந்தை உறிஞ்சிப் போடும்போது, அளப்பவர் ஊசி போடுபவர். பிஸ்டனின் நுனியில் இருக்கும் ரப்பர் எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் டோஸ். நடுவில் காற்று புகுந்திருந்தால், ரப்பர் 1 மி.லி. என்று காட்டினாலும் உள்ளே அவ்வளவு மருந்து இருக்காது. அதனால்தான் நிமிர்த்தி, தட்டி, காற்றை வெளியேற்றி, பிறகு அளவைச் சரிபார்க்கிறார்கள். கம்பவுண்டரின் கை இந்தப் பழக்கத்தில் ஊறியது.

முன்னரே நிரப்பிய சிரிஞ்சில் மருந்தை அளந்தது தொழிற்சாலை. பெட்டியில் 40 மி.கி. என்று போட்டிருந்தால், எனாக்ஸாபரின் கரைசல் 0.4 மி.லி. அளந்து உள்ளே விட்டாயிற்று. மேலே தங்கியிருக்கும் குமிழி தவறிப்போய் நுழைந்த காற்று இல்லை; பெரும்பாலும் அது நைட்ரஜன். நிரப்பும்போது மருந்துக்கும் ரப்பருக்கும் நடுவே விடப்பட்டது. அது டோஸின் கணக்கில் சேராது. ஆனால் டோஸ் முழுதாக உடம்புக்குள் போய்ச் சேர அது தேவைப்படுகிறது.

எந்தச் சிரிஞ்சிலும் பிஸ்டனை அடிவரை அழுத்தினாலும் கொஞ்சம் திரவம் உள்ளே தங்கிவிடும். குழாயின் கழுத்திலும் ஊசியின் துளைக்குள்ளும் ரப்பரால் எட்ட முடியாத இடம் அது. தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டபின் ஹோஸ் பைப்பில் தங்கிய தண்ணீரை வாய் வைத்து ஊதி வெளியேற்றுவோமே, குமிழி செய்வது அந்த வேலைதான். மருந்து முன்னே போகிறது, குமிழி அதன் பின்னாலேயே வந்து ஊசிக்குள் நிற்கும் கடைசிப் பங்கையும் தள்ளிவிடுகிறது. ஊசியை வெளியே இழுக்கும்போது அதன் துளையில் மருந்துக்குப் பதில் வாயு இருப்பதால், வந்த வழியெல்லாம் மருந்தைக் கசியவிட்டுக்கொண்டு வெளியேறுவதும் குறையும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து தோலின் மேலடுக்கில் கசிந்தால் அங்கே நீலம் பாரிக்கும் என்பதால் இதுவும் சின்ன விஷயமில்லை.

குமிழியை வெளியே தள்ளப் போனால் என்ன ஆகும்? முதலாவதாக, காற்று மட்டும் அழகாக வெளியே போய்விட்டு மருந்து அப்படியே நிற்பது அரிது. காற்றோடு ஒரு துளியாவது பீச்சும். இந்த மருந்தின் செறிவு 1 மி.லி.க்கு 100 மி.கி. கண் மருந்துக் குப்பியில் வரும் மாதிரிப் பெரிய துளி என்றால் 20 துளி சேர்ந்து 1 மி.லி. ஆகும்; அதாவது ஒரு துளியில் 5 மி.கி. ஊசி முனையில் திரளும் துளி அதைவிடச் சிறியதுதான். ஆனாலும் சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு எழுதும் 20 மி.கி. சிரிஞ்சில் மொத்தத் திரவமே 0.2 மி.லி. என்பதை யோசித்தால், அரைத் துளி போவதும் கணக்கில் வரும். இரண்டாவதாக, பின்னாலிருந்து தள்ள வாயு இல்லாததால் ஊசிக்குள் தங்கும் கடைசிப் பங்கும் உடம்புக்குள் போகாது. இரண்டு பக்கமும் நஷ்டம்.

காற்று உள்ளே போனால் ஆபத்தில்லையா என்ற பயம் நியாயமானதே. வெறும் சிரிஞ்சில் காற்றை இழுத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவருக்கு வில்லன் ஊசி போடும் காட்சியை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! அந்தப் பயத்துக்கு உரிய இடம் ரத்தக்குழாய். கணிசமான அளவு காற்று வேகமாக ஒரு ரத்தக்குழாய்க்குள் போனால் அது இதயத்துக்கோ நுரையீரலுக்கோ போய் அடைக்கலாம். எனாக்ஸாபரின் போடுவது ரத்தக்குழாயில் இல்லை, வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில். அங்கே போகும் இந்தத் துளியூண்டு வாயுவைத் திசுக்கள் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். (வயிற்றில் ஊசி என்றதும் பாட்டிமார்கள் நாய்க்கடியைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். தொப்புளைச் சுற்றிப் போட்ட அந்தக்காலத்து வெறிநாய்க்கடி ஊசியின் ஞாபகம் இன்னும் போகவில்லை. இது அதுவல்ல, ஊசி அரை அங்குல நீளம்தான், மெல்லியதும்கூட.)

குமிழி வேலை செய்ய வேண்டுமானால் அது இருக்க வேண்டிய இடம் ரப்பருக்கு அடியில், மருந்துக்கு மேலே. இயற்கையாகவே காற்று மேலே ஏறும். ஆகவே ஊசி கீழ்நோக்கி இருந்தால் குமிழி தானாகப் பிஸ்டன் பக்கம் போய்விடும். நோயாளியைப் படுக்க வைத்தோ நன்றாகச் சாய்த்து உட்கார வைத்தோ போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மல்லாந்து படுத்திருப்பவரின் வயிற்றில் ஊசி நேர் செங்குத்தாக இறங்கும்போது குமிழி இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தனக்குத்தானே போட்டுக்கொள்பவரின் சிரிஞ்ச் ஏறக்குறைய படுக்கைவசமாகிவிடும். குமிழி பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டோ, மருந்துக்கு முன்பே ஊசிப் பக்கம் வந்தோ போய்விடும். அதனால் ஆபத்தில்லை, ஆனால் கடைசிப் பங்கைத் தள்ள ஆளில்லாமல் போகிறது.

மற்றபடி போடும் முறை எளிது. தொப்புளிலிருந்து குறைந்தது இரண்டு அங்குலம் தள்ளி, வயிற்றின் பக்கவாட்டில், இன்று வலது என்றால் அடுத்தது இடது. தழும்பு, நீலம் பாரித்த இடம் வேண்டாம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசி முழுவதையும் நேராக இறக்கி, மெதுவாக அடிவரை அழுத்த வேண்டும். ஊசியை வெளியே எடுக்கும்வரை மடிப்பை விடக் கூடாது. எடுத்தபின் தேய்க்கவே கூடாது. ஊசி போட்ட இடத்தைத் தேய்த்துவிடுவது நமக்கு ஏறக்குறைய அனிச்சைச் செயல். இந்த ஊசியில் தேய்த்தால் மறுநாள் அங்கே ஐந்து ரூபாய் அகலத்துக்கு நீலம் தெரியும்.

இதுவரை சொன்னது முழுச் சிரிஞ்சையும் போடுகிறவர்களுக்கு. 20, 40 மி.கி. சிரிஞ்சுகளில் பெரும்பாலும் கோடுகளே இருக்காது. அவை ஒரே டோஸுக்கானவை. உள்ளே இருப்பதெல்லாம் உடம்புக்குள் போக வேண்டும். இப்படிக் கோடில்லாத சிரிஞ்சில் 'முக்கால்வாசி போடுங்க' என்று யாராவது சொன்னால் கண் அளவாகப் போட முயலாமல், அந்த டோஸுக்கேற்ற சிரிஞ்சை எழுதித் தரச் சொல்லிக் கேட்பதுதான் சரி.

எடைக்கேற்ப டோஸ் மாறும்போதுதான் கோடுகள் தேவைப்படுகின்றன. 60, 80, 100 மி.கி. சிரிஞ்சுகளில் குழாயின் மீது அளவுக்கோடுகள் இருக்கும். மூல மருந்தின் சிரிஞ்சில் அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 0.025 மி.லி., அதாவது 2.5 மி.கி. ஆகவே நாலு கோடு சேர்ந்தால் 10 மி.கி. இதே மருந்தைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன; அவற்றில் கோடுகளின் இடைவெளியும் எண்களும் மாறலாம். சிலவற்றில் எண்கள் மி.லி.யிலும் சிலவற்றில் மி.கி.யிலும் இருக்கும். பெட்டி மாறினால் கோட்டின் கணக்கையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

சீட்டில் எழுதுவதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒரு டாக்டர் '60 மி.கி.' என்று எழுதுவார், இன்னொருவர் '0.6 மி.லி.' என்பார். சில பெட்டிகளில் '6000 ஐ.யூ.' என்றிருக்கும். எனாக்ஸாபரினைப் பொறுத்தவரை 1 மி.கி. என்பது 100 ஐ.யூ. என்பதால், 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள வழக்கமான சிரிஞ்சில் மூன்றும் ஒரே அளவுதான். மாற்றிச் சொல்லும்போதுதான் தவறு நுழைகிறது. '0.6' என்பதில் முன்னே உள்ள பூஜ்யம் விடுபட்டு '.6' என்று எழுதினால், புள்ளி மங்கி '6' ஆகிவிடும். என்னைக் கேட்டால், பெட்டி மீதும் சீட்டு மீதும் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்வது அரை நிமிட வேலை. மருந்துக்கடையில் கேட்டால் எழுதித் தருவார்கள்.

'1 மி.லி.யில் 100 மி.கி.' என்பதும் எங்கும் மாறாத விதி இல்லை. பல நாடுகளில் இதைவிடச் செறிவான சிரிஞ்சுகளும் விற்கின்றன. அவற்றில் 1 மி.லி.யில் 150 மி.கி. இருக்கும். வழக்கமான சிரிஞ்சில் 0.8 மி.லி. என்றால் 80 மி.கி.; அந்தச் செறிவான சிரிஞ்சில் அதே 0.8 மி.லி.யில் 120 மி.கி. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த பெட்டியை மூத்தவருக்குப் போடும் முன், குழாயில் உள்ள கோட்டை விட்டுவிட்டு அட்டையில் உள்ள செறிவைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓர் அம்மாவுக்குக் காலில் ஆழமான நாளத்தில் ரத்தக்கட்டி. எடை 68 கிலோ, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு வழக்கமான சிகிச்சை டோஸ் ஒரு கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. கணக்குப்படி 68 மி.கி.; டாக்டர் அதை 70 மி.கி. என்று முழுமையாக்கி, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் எழுதுகிறார். 70 மி.கி. சிரிஞ்ச் என்று ஒன்று கிடைக்காததால் 80 மி.கி. சிரிஞ்ச் வாங்குகிறார்கள். உள்ளே 0.8 மி.லி. இருக்கிறது, வேண்டியது 0.7 மி.லி. வெளியேற்ற வேண்டியது 0.1 மி.லி., அதாவது 10 மி.கி., கோட்டுக் கணக்கில் நாலு கோடு.

இனி கையில் எடுத்துச் செய்ய வேண்டும். மூடியை முறுக்காமல் நேராக இழுத்து எடுக்கிறார் மகள். சிரிஞ்சை ஊசி கீழே பார்க்கும்படி கண் மட்டத்துக்குப் பிடிக்கிறார். குமிழி ஏறி ரப்பருக்கு அடியில் போய் நிற்கிறது. மேலிருந்து கீழாகப் பார்த்தால் முதலில் ரப்பர், அடுத்து குமிழி, அதன் கீழே மருந்து, கடைசியில் ஊசி. பார்க்க வேண்டிய இடம் ரப்பரின் விளிம்பு அல்ல. குமிழி முடிந்து மருந்து தொடங்கும் அந்த எல்லைதான் அளவைக் காட்டுகிறது. பிஸ்டனை மிக மெதுவாக அழுத்த, அந்த எல்லை 0.8-லிருந்து ஒவ்வொரு கோடாக இறங்குகிறது. மருந்து கீழே வைத்த பஞ்சிலோ காகிதக் கப்பிலோ சொட்டுகிறது. நாலாவது கோட்டில், 0.7-இல், நிறுத்துகிறார். முனையில் ஒரு துளி தொங்கினால் ஊசி கீழ்நோக்கி இருக்கும்போதே குழாயை விரலால் மெல்லச் சுண்டி அதை உதறிவிடுகிறார். துணியால் துடைப்பதில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, "எந்தக் கோட்டுல நிக்குதுன்னு நீங்க சொல்லுங்கப்பா" என்று கேட்கிறார். தான் எண்ணியதைச் சொல்லிவிட்டுக் கேட்டால் அவரும் அதையே சொல்வார் என்பது மகளுக்குத் தெரியும்.

இங்கே நடக்கும் வழக்கமான தவறு ரப்பரின் விளிம்பைப் பார்த்து அளப்பது. குமிழி நடுவே இருக்கும்போது ரப்பர் எப்போதும் மருந்தின் எல்லைக்கு மேலேதான் நிற்கும். புதிதாகப் பிரித்த 80 மி.கி. சிரிஞ்சில் ரப்பர் 0.8-ஐத் தாண்டி இருப்பதைப் பார்த்துச் சிலர், மருந்து கூடுதலாக இருக்கிறதோ என்றுகூடக் குழம்புவார்கள். ரப்பரை 0.7-க்குக் கொண்டுவந்து நிறுத்தினால், குமிழி பிடித்திருக்கும் இடம் எவ்வளவோ அவ்வளவு மருந்து கூடுதலாக வெளியே போய்விட்டிருக்கும். அம்மாவுக்கு 70 மி.கி. போட்டதாக நினைத்துக்கொண்டு அதைவிடக் குறைவாகப் போடுவார்கள், அதுவும் தினம் இரண்டு முறை. ரத்தக்கட்டிக்குச் சிகிச்சையில் இருப்பவருக்கு இது வெளியே தெரியாமல் நடக்கும் பிழை, வலியோ நீலமோ எதுவும் காட்டிக்கொடுக்காது.

ஊசியை மேல்நோக்கிப் பிடித்து மிச்சத்தை வெளியேற்றுவதும் அதே குளறுபடியில் முடியும். அப்போது குமிழி ஊசிப் பக்கம் ஏறிவிடும்; அழுத்தினால் முதலில் போவது வாயு. நாலு கோடு அழுத்திவிட்டோம் என்று நிறுத்தும்போது, அதில் எவ்வளவு காற்று, எவ்வளவு மருந்து என்று சொல்ல முடியாது.

இன்னொரு வழக்கம், மிச்சத்தை முன்கூட்டியே வெளியேற்றாமல் உடம்புக்குள் அழுத்திக்கொண்டே போய், 10 மி.கி. மீதி இருக்கும்போது நிறுத்தி ஊசியை எடுத்துவிடுவது. கேட்கும்போது புத்திசாலித்தனமாகத் தோன்றும். ஆனால் கை நடுங்கினாலோ, நோயாளி இழுத்தாலோ அந்தக் கோட்டில் நிறுத்துவது நடக்காது. குமிழியும் வெளியே வராது. மேலும் இத்தகைய சிரிஞ்சுகள் பலவற்றில், போட்டு முடித்து ஊசியை வெளியே எடுத்தபின் பிஸ்டனை இன்னொரு முறை அழுத்தினால் ஊசியை மூடிக்கொள்ளும் ஒரு பாதுகாப்பு உறை இருக்கிறது. சிரிஞ்ச் முழுவதும் காலியானால்தான் அது இயங்கும். பாதியில் நிறுத்தினால் திறந்த ஊசியோடு ஒரு சிரிஞ்ச் கையில் மிஞ்சும்.

நாலு கோட்டுக்குப் பதில் ஐந்து கோடு போய்விட்டால்? 67.5 மி.கி. மிஞ்சும். ஒரு முறை அப்படி ஆனதற்குப் பதறத் தேவையில்லை. டோஸில் நூற்றுக்கு நாலு பங்குகூடக் குறையவில்லை. போன மருந்தைத் திரும்ப உறிஞ்ச முயலவும் கூடாது, அடுத்த வேளையில் கூட்டிப் போட்டு ஈடுகட்டவும் கூடாது. அதைவிட அதிகமாக வீணாகிவிட்டால் போடும் முன்பே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, புதிய சிரிஞ்ச் எடுப்பதா என்று கேட்டுக்கொள்ளலாம். தெரியாமல் முழு 80-ஐயும் போட்டுவிட்டாலும் அதே போன்தான். அடுத்த வேளை டோஸை எப்போது, எவ்வளவு போடுவது என்பதை டாக்டர் முடிவு செய்ய வேண்டும்.

'குமிழி இருக்கட்டும்' என்பதை எல்லா ரத்த உறைவுத் தடுப்பு ஊசிக்கும் பொது விதியாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபோண்டாபரினக்ஸ் என்ற மருந்து 2.5 மி.கி. அளவில், 0.5 மி.லி. சிரிஞ்சில் வருகிறது, அதிலும் குமிழியைத் தொடக் கூடாது. (எனாக்ஸாபரினில் ஒரே ஒரு கோட்டின் அளவான 2.5 மி.கி., இந்த மருந்தில் முழு நாள் டோஸ். ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றுக்கு எடுத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.) டால்டெபரின் என்ற மருந்தின் கதை சுவாரசியமானது. அதன் ஒரே டோஸ் சிரிஞ்சில் குமிழியை விட்டுவிடச் சொல்கிறது கம்பெனியின் குறிப்பு. ஆனால் அதே மருந்தின் கோடு போட்ட 1 மி.லி. சிரிஞ்சில், ஊசியை மேல்நோக்கிப் பிடித்து, முதலில் குமிழியை வெளியேற்றி, தொடர்ந்து வேண்டிய கோடு வரை அழுத்தச் சொல்கிறது.

முரண்பாடு போலத் தெரிந்தாலும் இதில் முரண் இல்லை. குமிழி முழுவதும் போனபின் ரப்பரும் மருந்தும் ஒட்டி நிற்கும். அப்போது ரப்பரின் விளிம்பைப் பார்த்து அளப்பது சரிதான், குப்பியிலிருந்து எடுக்கும் ஊசியைப் போல. குமிழியை வைத்துக்கொண்டால் மருந்தின் எல்லையைப் பார்க்க வேண்டும், குமிழியை எடுத்தால் ரப்பரின் விளிம்பைப் பார்க்க வேண்டும். இரண்டும் முழுமையான முறைகள். குமிழியை வைத்துக்கொண்டு ரப்பரைப் பார்ப்பவர்தான் தவறு செய்கிறார், ஏனென்றால் அவர் ஒன்றின் பாதியையும் மற்றதன் பாதியையும் சேர்த்துவிட்டார். உங்கள் பெட்டிக்கு எந்த முறை என்பது உள்ளே மடித்து வைத்த காகிதத்தில் படத்தோடு இருக்கும். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கலாம். டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே நர்ஸ் முன்னால் ஒரு முறை போட்டுக் காட்டி, உங்கள் டோஸ் கோட்டைச் சிரிஞ்சின் படத்தில் பேனாவால் குறித்து வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

டோஸ் கூடிவிட்டதா என்பதை உடம்புதான் காட்டும். ஊசி போட்ட இடத்தில் சின்ன நீலம் சகஜம். கறுத்த தார் போன்ற மலம், சிறுநீரில் சிவப்பு, நிற்காத மூக்கு ரத்தம் அல்லது ஈறு ரத்தம், காரணமில்லாமல் உடம்பெங்கும் நீலத் திட்டுகள், விழுந்து தலையில் அடிபட்டது — இவற்றில் எதுவாக இருந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. முதுகுத்தண்டில் மயக்க ஊசி போடும் அறுவை வந்தாலோ பல் பிடுங்கப் போனாலோ, கடைசி எனாக்ஸாபரின் எத்தனை மணிக்கு, எத்தனை மி.கி. என்பதைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே காலண்டரில் தேதிக்கு நேரே நேரத்தையும் அளவையும், வலமா இடமா என்பதையும் குறித்து வைப்பவர்களுக்குப் பிறகு தடுமாற்றம் இருக்காது.

போட்டு முடித்த சிரிஞ்சுக்கு மூடியைத் திரும்ப மாட்ட வேண்டாம். விரலில் குத்திக்கொள்வது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பாதுகாப்பு உறை இறங்கியிருந்தாலும் குப்பைத்தொட்டியில் வெறுமனே போடாமல், தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சேர்த்து மூடி வைத்து, மறு பரிசோதனைக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்தால் ஊசிகளுக்கென்று அங்கே இருக்கும் வெள்ளைப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள்.